கணவருடன் வெளிநாடு, பணியில் இடைவெளி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் சோதனைப் பிரிவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கணவருக்கு அமெரிக்காவில் பணி கிடைத்ததால் 2021 செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டு அவருடன் சென்றேன். எச்-4 விசா என்பதால் அங்கே வேலைக்குப் போக முடியவில்லை. 2025 ஜூனில் குடும்பத்தோடு திரும்பிவிட்டோம். இப்போது நேர்காணல்களுக்குப் போகிறேன். இடைவெளியைப் பற்றிக் கேட்டதும் விசா, மகளின் பள்ளி, கணவரின் வேலை நேரம், வேலை அனுமதிக்குக் காத்திருந்தது என்று எல்லாவற்றையும் சொல்லி, "ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை" என்று முடிக்கிறேன். முடிப்பதற்குள் என் குரலே எனக்குப் பிடிக்காமல் போய்விடுகிறது. அந்த ஆண்டுகளை 'ஃப்ரீலான்ஸ்' என்று போட்டுவிடும்படி ஒரு தோழி சொல்கிறாள். குற்றம் செய்தவள்போலப் பேசாமல் இதை எப்படிச் சொல்வது? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நேர்காணல் நடத்தும் பக்கத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இடைவெளியைப் பற்றிக் கேட்பவருக்குப் பொதுவாக மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். வேலையில் ஏதேனும் சிக்கல் வந்து விலகினீர்களா, விலகக் காரணமாக இருந்த சூழ்நிலை இப்போது முடிந்துவிட்டதா, தொழில் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்பவையே அவை. முதலிரண்டுக்கும் தலா ஒரு வாக்கியம் போதும். மூன்றாவதற்குத்தான் நேரம் தேவைப்படும், அவர் குறிப்பெடுக்கத் தொடங்குவதும் அங்கேதான். உங்கள் பதில் முழுவதும் முதல் கேள்விக்கே செலவாகிறது. மூன்றாவது கேள்விக்கு வரும்போது "சும்மா இருக்கவில்லை" என்ற ஒரு மறுப்பு மட்டுமே மிஞ்சுகிறது. நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை என்பதால், அந்த மறுப்பே கேட்பவர் மனத்தில் புதிய சந்தேகம் ஒன்றை எழுப்பிவிடுகிறது.

நீங்கள் சொல்லும் காரணங்கள் எல்லாமே உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு முடிவுக்கு ஒரு காரணம் சொன்னால் அது தகவலாகக் கேட்கும்; நான்கு காரணங்களை அடுக்கினால், எது உண்மையான காரணம் என்று கேட்பவர் தேடத் தொடங்கிவிடுவார். ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றையும் "போக வேண்டியதாகிவிட்டது" என்று யாரோ உங்களை இழுத்துச் சென்றதுபோலச் சொல்லாமல், நீங்களும் சேர்ந்து எடுத்த முடிவாகச் சொல்லுங்கள். "கணவருக்கு அமெரிக்காவில் பணி கிடைத்தது, குடும்பமாக அங்கே செல்வதென்று முடிவு செய்தோம், அதனால் 2021 செப்டம்பரில் வேலையிலிருந்து விலகினேன்" என்பது போதுமானது. மாதமும் ஆண்டும் அந்த வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும், ஏனென்றால் தேதியை அவரே கேட்டுப் பெறும்படி விட்டால், நீங்கள் எதையோ மழுப்புவதாக அவருக்குத் தோன்றக்கூடும்.

விசாவைப் பற்றி "வேலை செய்ய அனுமதியில்லாத சார்பு விசாவில் இருந்தேன்" என்று ஒரு தொடர் சொன்னால் போதும். விவரம் தெரிந்தவர் எதிரே இருந்தால், எச்-4 வைத்திருப்பவர்கள் வேலை அனுமதி வாங்கலாமே என்று கேட்கக்கூடும். அந்த வழி 2015 மே 26 முதல் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. எச்-1பி என்ற பணி விசாவில் இருக்கும் துணைவருக்கு, நிரந்தர வசிப்புரிமைக்கு வழிவகுக்கும் ஐ-140 என்ற மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நிரந்தர வசிப்புரிமைக்கான நடைமுறை நிலுவையில் இருப்பதால் அவருடைய எச்-1பி ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கணவரின் மனு அந்தக் கட்டத்தை எட்டியிருக்காவிட்டால், "அந்த அனுமதிக்கான நிலையை எங்கள் விண்ணப்பம் எட்டவில்லை" என்று, கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காதபோது நீங்களாக விளக்கத் தொடங்கினால் பேச்சு குடியேற்றச் சட்டத்துக்குப் போய்விடும், சோதனைத் துறைக்குத் திரும்பி வராது.

உங்கள் தோழியின் யோசனையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேலை அனுமதி இல்லாத விசாவில் இருந்த காலத்துக்கு நேரே 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதுவது, விசா விதியை மீறினேன் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுப்பதற்குச் சமம். செய்யாத வேலையை எழுதினால், பின்னணிச் சரிபார்ப்பில் வாடிக்கையாளர் யார், பணம் எந்த வழியாக வந்தது, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று கேட்கும்போது காட்ட எதுவும் இருக்காது. உண்மையாகவே செய்திருந்தாலோ சிக்கல் வேறு திசையிலிருந்து வரும். அமெரிக்க விசா விண்ணப்பம் 2019 முதல் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறது. நாளை மீண்டும் விண்ணப்பிக்கும்போது உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரி உங்கள் குடும்பத்துக்கே தடையாக நிற்கலாம். படிப்பு அப்படியல்ல, எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. அங்கே முடித்த பாடங்கள் இருந்தால் அவற்றைத் தயங்காமல் எழுதுங்கள்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. உங்கள் துறை இந்த ஆண்டுகளில் அப்படியே நிற்கவில்லை. நீங்கள் விலகியபோது செலினியம் என்ற சோதனைக் கருவியில் சோதனை எழுதிக்கொண்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று அதே இடத்தில் பிளேரைட் என்ற கருவியை எதிர்பார்க்கும் நிறுவனங்கள் நிறைய. "பிளேரைட் கற்றுக்கொண்டேன்" என்று சொல்வதால் பெரிய பயன் இல்லை, அதை எல்லோரும் சொல்கிறார்கள். பயிற்சிக்கென்றே திறந்துவைத்திருக்கும் ஒரு மாதிரிக் கடைத் தளத்தை எடுத்துக்கொண்டு, உள்நுழைவது, கூடையில் பொருள் சேர்ப்பது, பணம் செலுத்துவது ஆகிய மூன்று வழிகளுக்கும் இருபது சோதனைகள் எழுதுங்கள். நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் அவை தாமாக ஓடும்படி, நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் அமையுங்கள். அப்படி ஓடும்போது, எந்த மாற்றமும் செய்யாமலே ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் சோதனை ஒன்று பெரும்பாலும் வரும். உங்கள் துறையில் அதை 'ஃப்ளேக்கி' என்பார்கள். மூன்று விநாடி காத்திரு என்று எழுதியிருந்த இடத்தில், பொத்தான் அழுத்தத் தயாராகும்வரை காத்திரு என்று மாற்றியதும் அது சரியாகியிருக்கலாம். நீங்கள் சொல்ல வேண்டியது இந்தக் கதையைத்தான். எது தோற்றது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும்போது, கேட்பவர் இடைவெளியை விட்டுவிட்டு, பணம் செலுத்தும் பகுதியை எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பேச்சு உங்கள் தொழிலுக்குத் திரும்பிவிட்டது என்று பொருள்.

இதை நாடு திரும்பிய பிறகு செய்தீர்கள் என்றால், திரும்பிய பிறகு செய்தேன் என்றே சொல்லுங்கள். நான்காண்டும் பயிற்சியில் இருந்ததாகக் காட்டும் ஆசை வரும். ஆனால் கிட்ஹப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவர் பார்ப்பார். "2025 ஜூனுக்குப் பிறகு மீண்டும் கையில் எடுத்தேன்" என்பதில் குறை எதுவும் இல்லை. வேலைக்கு எடுப்பவருக்கு இன்றைய நிலைதான் முக்கியம்.

எல்லாவற்றையும் சேர்த்தால் பதில் இப்படி இருக்கும். ஆங்கிலத்தில் சொன்னாலும் வரிசை இதுவே:

"கணவருக்கு அமெரிக்காவில் பணி கிடைத்தது, குடும்பமாகச் செல்வதென்று முடிவு செய்தோம், 2021 செப்டம்பரில் விலகினேன். அங்கே வேலை செய்ய அனுமதியில்லாத சார்பு விசாவில் இருந்தேன். 2025 ஜூனில் திரும்பிவிட்டோம், இங்கேயே இருக்கிறோம். விலகுவதற்கு முன் ஏழு ஆண்டுகள் சோதனைப் பிரிவில் இருந்தேன். திரும்பியதும் பிளேரைட்டில் ஒரு கடைத் தளத்துக்கு இருபது சோதனைகள் எழுதியிருக்கிறேன். அதில் பணம் செலுத்தும் பகுதியில் ஒரு சோதனை அடிக்கடி காரணமில்லாமல் தோற்றது, அதைச் சரிசெய்த விதத்தைச் சொல்லட்டுமா?"

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதில் மன்னிப்பு இல்லை, "துரதிர்ஷ்டவசமாக" இல்லை, கணவரின் பதவியும் நிறுவனமும் இல்லை, மகளின் பள்ளியும் இல்லை. குழந்தையைப் பற்றிச் சொல்வது தவறு என்பதற்காக அதை விடவில்லை. அது அந்த அறையில் பதில் சொல்லித் தீர வேண்டிய விஷயமே அல்ல. கடைசி வாக்கியம் கேள்வியாக முடிவதையும் கவனியுங்கள். பேசி முடித்ததும் ஒரு மௌனம் வரும், அதை நிரப்ப விடுபட்ட மூன்று காரணங்களும் நாக்கின் நுனிக்கு வந்து நிற்கும். கேள்வியில் முடித்தால் அடுத்துப் பேச வேண்டியவர் எதிரே இருப்பவர்.

தன்விவரக் குறிப்பில் இதற்கு ஒரு வரி போதும்: "2021 செப்டம்பர் – 2025 ஜூன்: பணி இடைவெளி, குடும்பத்துடன் வெளிநாட்டு இடமாற்றம்." மாதங்களை நீக்கிவிட்டு ஆண்டுகளை மட்டும் போட்டு இடைவெளியைச் சுருக்கிக் காட்டும் வழக்கம் உண்டு, முந்தைய நிறுவனத்தின் பணி விடுவிப்புக் கடிதத்தில் தேதி இருப்பதால் அது நிற்காது. பணிகளைத் தேதியின்றித் திறன்வாரியாக அடுக்குவதும் உதவாது, அப்படி ஒரு குறிப்பைக் கண்டதுமே படிப்பவர் இடைவெளியைத்தான் தேடுவார். லிங்க்ட்இன் 2022-இல் 'கரியர் பிரேக்' என்ற பகுதியைச் சேர்த்தது. அதில் தேர்ந்தெடுக்கக்கூடிய வகைகளில் 'ரீலொகேஷன்' என்பதும் ஒன்று, உங்களுக்குப் பொருந்துவது அதுதான். குறிப்பில் போட்ட அதே மாதங்களை அங்கேயும் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கணவருடன் சென்றவர்களைப் பற்றி வேலைக்கு எடுப்பவருக்கு எழும் உண்மையான தயக்கம் கடந்தகாலத்தைப் பற்றியதல்ல. கணவருக்கு மீண்டும் வெளிநாட்டில் வேலை வந்தால் இவரும் போய்விடுவாரோ என்பதே அது. பலர் இதை நேராகக் கேட்கத் தயங்குவார்கள், சிலர் கேட்டே விடுவார்கள். "இனி எங்கேயும் போகமாட்டேன்" என்று உறுதிமொழி கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும். இன்று உண்மையாக இருப்பதைச் சொல்லுங்கள்: கணவர் இங்கே பணியில் சேர்ந்துவிட்டார், மகள் இங்கே பள்ளியில் இருக்கிறாள், வெளியூர் செல்லும் திட்டம் எதுவும் இல்லை. இவற்றில் எது உண்மையோ அதை மட்டும் சொன்னால் போதும். முதல் பதிலில் வேண்டாம் என்று நான் ஒதுக்கிய மகளின் பள்ளி இங்கே பொருத்தமாக வந்து நிற்பதற்குக் காரணம், இந்தமுறை கேள்வி அதைத்தான் கேட்கிறது.

இன்னொன்று, பணிநிலை. பதிலில் மன்னிப்பு கலந்துவிட்டால், அது சம்பளப் பேச்சுவரை தொடரும். "இடைவெளி இருப்பதால் கீழ்நிலையில் சேர்ந்தாலும் பரவாயில்லை" என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுவீர்கள். அதை அவர்கள் சொல்லட்டும். சொன்னால், ஏழு ஆண்டு அனுபவத்துக்கு எந்த நிலை என்றும், கீழ்நிலையில் சேர்ந்தால் எத்தனை மாதத்தில் மறுபரிசீலனை செய்வார்கள் என்றும் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அதைப் பணி நியமனக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.