யோகோஹாமா – சான் பிரான்சிஸ்கோ: ரம்ப் லைனா, கிரேட் சர்க்கிளா? (கேள்வி பதில்)

கேள்வி: இரண்டு பாதைக்கும் நிஜத்தில் எவ்வளவு மைல் வித்தியாசம்? புத்தகத்தில் "கிரேட் சர்க்கிள் குறைவு" என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒரு கணக்கு முழுதாகப் போட்டுக் காட்டுங்கள் சார்.

பதில்: ரம்ப் லைன் ஒரே கோர்ஸில் போகும் பாதை, கிரேட் சர்க்கிள் உருண்டையின் மேல் மிகக் குறுகிய பாதை. துறைமுகத்து வாசலிலிருந்து அளக்க வேண்டாம், கரையை விட்டு வெளியே வந்த புள்ளியிலிருந்து அளப்போம். புறப்படும் இடம் 35°00' வடக்கு, 140°00' கிழக்கு. சேரும் இடம் 37°48' வடக்கு, 122°40' மேற்கு. நடுவில் 180° கோட்டைத் தாண்டுவதால் நெட்டாங்கு வித்தியாசம் 97°20', அதாவது 5,840 நிமிடம். அகலாங்கு வித்தியாசம் 2°48', அதாவது 168 நிமிடம்.

கிரேட் சர்க்கிளுக்கு:

```
cos d = sin(lat1)·sin(lat2) + cos(lat1)·cos(lat2)·cos(dlong)
      = 0.35155 - 0.08262 = 0.26893
d     = 74.40° × 60 = 4464
```

dlong 90 டிகிரிக்கு மேலே இருப்பதால் இரண்டாவது பகுதி மைனஸில் வருகிறது. அந்த மைனஸை விட்டுவிட்டால் விடை அறுநூறு மைலாவது குறையும்.

ரம்ப் லைனுக்கு மெரிடியனல் பார்ட்ஸ் வேண்டும். பூமியைக் கோளமாக எடுத்தால் 35°க்கு 2244.3, 37°48'க்கு 2453.1. வித்தியாசம் 208.8. 5,840ஐ இதால் வகுத்தால் கோர்ஸின் டேன் கிடைக்கும்; கோர்ஸ் 087.95°, தூரம் 4,702 மைல்.

ஆக மிச்சம் 238 மைல், ஐந்து சதவீதம். 14 நாட் வேகத்தில் 17 மணி நேரம்.

கேள்வி: எனக்கு ரம்ப் லைன் 4,814 வருகிறது. கோர்ஸ் 088 என்று எடுத்தேன். எங்கே தப்பு?

பதில்: அந்த 088இல்தான். 168ஐ கோர்ஸின் கோசைனால் வகுக்கிறீர்கள். கோர்ஸ் 90ஐ நெருங்கும்போது கோசைன் மிகச் சிறிய எண்ணாகிவிடும். டிகிரியில் இருபதில் ஒரு பங்கை முழுமையாக்கியதற்கே 112 மைல் கூடிவிட்டது. நீங்கள் தேடும் மிச்சத்தில் பாதி அது! கோர்ஸ் கிழக்கு மேற்காக இருந்தால் இந்த வழியை நம்பாதீர்கள். 5,840ஐ நடு அகலாங்கான 36°24'இன் கோசைனால் பெருக்குங்கள், 4,701 வரும். அதன் வர்க்கத்தோடு 168இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 4,704. சரியான விடைக்கு ஒன்றிரண்டு மைலுக்குள் நிற்கும். இதைச் சரிபார்ப்பாக எப்போதும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் கிரேட் சர்க்கிள் சரியாக 4,464 வந்தது, அதனால் dlong சரி. ஆனால் ரம்ப் லைன் 12,683! டேபிளில் ஏதோ பிழை.

பதில்: டேபிள் சரி, உங்கள் dlong தப்பு. 140ஐயும் 122°40'ஐயும் கூட்டி 262°40' வைத்திருக்கிறீர்கள். 262°40'க்கும் 97°20'க்கும் கோசைன் ஒன்றேதான், அதனால் கிரேட் சர்க்கிள் சூத்திரம் பிழையைக் காட்டிக்கொடுக்காது. ரம்ப் லைன் கணக்கு மட்டும் கப்பலை உலகத்தின் மறுபக்கமாக அனுப்பிவிடும். 180ஐத் தாண்டினால் 360இலிருந்து கழியுங்கள்.

கேள்வி: மேப்பில் நேர்க்கோடுதானே குறுகியது? வளைவு எப்படிக் குறையும்?

பதில்: மெர்கேட்டர் சார்ட்டில் 48°இல் ஒரு டிகிரி நெட்டாங்கு 40 மைல்தான், 35°இல் 49 மைல். சார்ட் இரண்டையும் ஒரே அகலத்தில் வரைகிறது. வடக்கே ஏறினால் டிகிரிகள் மலிவாகக் கழிகின்றன.

கேள்வி: எங்கள் ஓட்டம் 6° வடக்கில், 15 டிகிரி நெட்டாங்கு தூரம். கிரேட் சர்க்கிள் போட்டால் எவ்வளவு டீசல் மிச்சமாகும்?

பதில்: தூரத்தில் நூறு மீட்டர்கூட மிச்சமாகாது. ரம்ப் லைனிலேயே போங்கள்.

கேள்வி: சார், இந்த 238 மைல் காகிதத்தில் மட்டும்தான். குளிர்காலத்தில் யாரும் அவ்வளவு வடக்கே போவதில்லை. ரம்ப் லைன்தான் நடைமுறை. (செகண்ட் மேட்)

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். இந்த கிரேட் சர்க்கிள் 054½°இல் கிளம்பி 48°12' வடக்கு, 168°46' மேற்கு வரை ஏறுகிறது. குளிர்காலத்தில் அலூஷியன் தாழ்வழுத்தங்கள் உலவும் கடல் அது. ஆனால் "ஏற முடியாது" என்பதிலிருந்து "ரம்ப் லைன்" என்று தாவுவதுதான் தவறு. நடுவில் காம்போசிட் இருக்கிறது.

45°க்கு மேல் போவதில்லை என்று வைப்போம். 45°ஐத் தொடும் ஒரு கிரேட் சர்க்கிளில் 174°27' மேற்கு வரை 2,147 மைல். அதே அகலாங்கில் 161°48' மேற்கு வரை 536. பிறகு இன்னொரு கிரேட் சர்க்கிளில் இறங்கி 1,795. தசமங்களோடு கூட்டினால் மொத்தம் 4,479 மைல், முழு கிரேட் சர்க்கிளைவிட 15 மைல்தான் அதிகம்! 40°இல் நிறுத்தினாலும் 4,569. அப்போதும் ரம்ப் லைனைவிட 130 மைலுக்கு மேல் குறைவு. உச்சிக்குப் பக்கத்தில் பாதை தட்டையாக ஓடுவதால் அங்கே மூன்று டிகிரி வெட்டினாலும் தூரம் அசையாது. கீழே வெட்ட வெட்டத்தான் விலை ஏறும்.

செகண்ட் மேட்: தூரம் சரி. வேகம்? எதிர்க் கடலில் ஒரு நாட் போனால் எல்லாம் போச்சு.

பதில்: ஒரு நாட்கூட வேண்டாம். ரம்ப் லைனில் 14 நாட் வேகத்துக்கு 336 மணி நேரம். அதே நேரத்தில் 4,464 மைலை 13.3 நாட்டில் முடிக்கலாம். சராசரி 0.7 நாட் விழுந்தால் லாபம் பூஜ்யம். ஆனால் கிழக்கே போகும்போது தாழ்வழுத்தத்தின் தெற்கே இருந்தால் காற்று பின்னாலிருந்து வரும். அதன் வடக்கே மாட்டினால்தான் எதிர்க் காற்று. எந்த அகலாங்கில் நிறுத்துவது என்பதை அந்த வார முன்னறிவிப்பு சொல்லட்டும்.

இன்னொருவர்: மேற்கே வரும் கப்பல்கள் யூனிமாக் வழியாக பெரிங் கடலுக்கே ஏறிவிடுகின்றனவே! அப்போது 45° வரம்பு எதற்கு?

பதில்: அவர்கள் தாழ்வழுத்தத்தின் வடக்கே, கிழக்குக் காற்றைத் தேடிப் போகிறார்கள். திசை மாறினால் நியாயமும் மாறும்.

செகண்ட் மேட்: நான் டிசம்பரில் 40°க்கு மேல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில்: 90 மைல், ஆறரை மணி நேரம் கொடுக்கிறீர்கள். டெக் சரக்கு இருந்தால் நானும் யோசிப்பேன். இல்லையென்றால் 45°ஐ வைத்தே தொடங்குவேன்.

கேள்வி: கிரேட் சர்க்கிளில் கோர்ஸ் மாறிக்கொண்டே இருக்குமே, ஓயாமல் திருப்ப வேண்டுமா?

பதில்: வேண்டாம். 10 டிகிரி நெட்டாங்குக்கு ஒரு வே பாயிண்ட் வைத்து, இடையில் ரம்ப் லைனில் ஓட்டுங்கள். இதில் இழப்பது மொத்தமே இரண்டு மூன்று மைல். 5 டிகிரிக்கு ஒன்று வைத்தால் ஒரு மைலுக்குள்.

கேள்வி: நேர்க்கோடு ஏன் நீளம் என்று புரியவில்லை.

பதில்: மேலே 48°, 35° ஒப்பீட்டைப் படியுங்கள். மறுபடியும் எழுத மாட்டேன்.

கேள்வி: விமானங்களும் இப்படித்தானா?

பதில்: அது என் துறையில்லை. விமானத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: எக்டிஸ் கிரேட் சர்க்கிளுக்கு 4,464ஐவிடப் பத்துப் பன்னிரண்டு மைல் அதிகம் காட்டுகிறது. எது சரி?

பதில்: எக்டிஸ் நீள்கோளத்தில் அளக்கிறது, மேலே போட்ட கணக்கு கோளத்தில். ரம்ப் லைனும் அங்கே ஏறக்குறைய அதே அளவு கூடும், ஆகவே மிச்சம் பெரிதாக மாறாது. ஒன்றைக் கையாலும் மற்றதை எக்டிஸிலும் எடுத்துக் கழித்தால்தான் ஆபத்து: 45° காம்போசிட்டின் அந்த 15 மைல் முழுக்க அந்த இடைவெளியில் மறைந்துவிடும். கழிப்பதற்கு முன் இரண்டு தூரமும் ஒரே இடத்தில் எடுத்தவையா என்று பாருங்கள்.