சுப்பிரமணியனா, சுப்பிரமணியமா?

கேள்வி: தாத்தாவின் பெயர் நிலப் பத்திரத்தில் சுப்பிரமணியன் என்றும், அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் சுப்பிரமணியம் என்றும் இருக்கிறது. என் மகனுக்கும் அதே பெயரை வைக்கப் போகிறோம். எது சரி?

பதில்: இரண்டும் சரியே. வடமொழியில் இந்தப் பெயர் 'ய' என்ற எழுத்தோடு முடிகிறது. அதைத் தமிழில் நிறுத்த ஓர் ஈறு வேண்டும். ஆண்பாலுக்குரிய ஈறு 'அன்' என்பதால் கந்தன், முருகன் போலச் சுப்பிரமணியன் ஆகிறது. ஆனால் 'அன்' என்பது 'அவன்' என்னும் ஒருமை ஒலியைத் தருவதால், பெரியவர்களை அப்படிச் சொல்லத் தயங்கியவர்கள் 'அம்' ஈற்றை விரும்பினார்கள். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் அதுவே மிகுதி. ஈறு எவ்வளவு ஒட்டாதது என்பதற்குச் சுப்பிரமணிய பாரதி என்ற பெயரே சான்று. அடுத்த சொல் சேர்ந்ததும் இரண்டு ஈறும் உதிர்ந்துவிடுகின்றன.

இந்த விளக்கத்தை ஆறுமுகம் என்ற பெயருக்கு ஏற்றிவிடாதீர்கள். அங்கே 'அம்' மரியாதைக்காக வந்து ஒட்டியதல்ல. முகம் என்ற சொல்லின் பகுதியே அது. ஆறு முகங்களை உடையவன் என்ற பொருளில் அந்தத் தொடரே ஆளுக்குப் பெயராயிற்று. இலக்கணத்தில் இதனை அன்மொழித்தொகை என்பர். ஆறுமுகன் என்பது அதன் மேல் பிற்பாடு ஆண்பால் ஈறு சேர்த்த வடிவம். ஆகவே அங்கே 'அம்' முதல், 'அன்' பிறகு.

உங்கள் மகனுக்கு எதை வைப்பதென்றால், வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று பாருங்கள். 'சுப்பிரமணியனைக் கூப்பிடு' என்பதா, 'சுப்பிரமணியத்தைக் கூப்பிடு' என்பதா, எது நாவில் இயல்பாக வருகிறதோ அதையே வையுங்கள். நான் 'அன்' ஈற்றையே தேர்வேன். குழந்தையை 'சுப்பிரமணியா' என்று விளிக்க அதுவே வழிவிடுகிறது.

கடைசி எழுத்தை மாற்றினால் யோகம் வரும் என்று பணம் கேட்கும் எண்கணிதக்காரரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் சொல்லுக்காக ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டியவர்கள், பிறகு பள்ளிச் சான்று ஒருவிதமாகவும் கடவுச்சீட்டு வேறுவிதமாகவும் அமைந்து அலைவதைப் பார்க்கிறேன். பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்கு இடைத்தரகர் எவரும் தேவையில்லை. தமிழில் 'ன்' என்றால் ஆங்கிலத்திலும் அதே ஒலிக்குரிய எழுத்துதான் இருக்க வேண்டும். சான்றிதழை வாங்கியதும் அந்த இடத்திலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாத்தா பெயரின் ஓரெழுத்து வேறுபாட்டை இரண்டு ஆட்களாகக் கருதும் அலுவலகங்களை எண்ணினால் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. தமிழில் ஈறு மாறுவது எவ்வளவு இயல்பென்று ஒரு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டால் தீரும் தொல்லை இது. அதுவரை, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தைக் கேட்கும் இடத்தில் கொடுங்கள். தாத்தா காலமாகியிருந்தால், அவர் பெயரை அரசிதழில் மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.