தவணை அட்டையில் காலியாக இருக்கும் கையெழுத்துக் கட்டம்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் எனக்கு நன்கு தெரிந்த ஒருவருக்கு 42,000 ரூபாய் பிரிட்ஜைத் தவணையில் கொடுத்தேன். முன்பணம் 6,000, மீதியை மாதம் 3,000 வீதம் 12 தவணையாக, செப்டம்பர் முதல் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி கட்ட வேண்டும். முதல் நான்கு தவணை ஒழுங்காக வந்தது. பிறகு 2023 மார்ச்சில் 1,500 ரொக்கமாகவும், நவம்பரில் 2,000 கூகுள் பேயிலும் தந்ததோடு சரி. அவர் மகள் திருமணத்திற்கு மொய் எழுதியவன் நான். இப்போது என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாதாமாதம் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "தந்துவிடுகிறேன் அண்ணாச்சி" என்று அவர் அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது. மொத்தமாகக் கட்டினால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு 15,000 தந்தால் கணக்கு முடிந்தது என்கிறார். என் ஏட்டில் 20,500 பாக்கி. பிரிட்ஜைத் திரும்பத் தூக்கி வரலாமா? போலீசில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாமா?

பதில்: பிரிட்ஜைத் தூக்க முடியாது. நீங்கள் அனுப்பிய தவணை அட்டையின் நகலின்படி இது விற்பனை. பணம் கட்டி முடியும்வரை பொருள் கடைக்கே சொந்தம் என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, பணம் கட்டும் நாள் தள்ளிவைக்கப்பட்டிருந்தாலும் பொருளின் உரிமை வாங்கியவருக்குப் போய்விடுகிறது. அவர் வீட்டுக்குள் ஆள் அனுப்பினால், அத்துமீறலுக்கும் திருட்டுக்கும் புகார் கொடுக்கும் உரிமையை நீங்களே அவருக்குக் கொடுத்ததாகும். ஏமாற்றுப் புகாரும் நிற்காது; நான்கு தவணையை ஒழுங்காகக் கட்டியவர் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணத்தோடு இருந்தார் என்று காட்டுவது கடினம். மொய், தெருவில் முகம் திருப்பியது ஆகியவற்றால் உங்களுக்கு ஏற்பட்ட வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் நீதிமன்றம் அவற்றைக் கேட்காது.

உங்கள் வழக்கில் சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இன்று, 2026 பிப்ரவரி 20-இல், இந்தப் பாக்கியில் எவ்வளவு இன்னும் உயிரோடு இருக்கிறது? நீங்கள் 20,500-ஐ ஒரே கடனாகப் பார்க்கிறீர்கள். சட்டம் அதை ஒவ்வொரு தவணையாகப் பிரித்துப் பார்க்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, குறித்த நாளில் பணம் தருவதாகச் சொல்லி வாங்கிய சரக்கின் விலைக்கு, அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 2023 ஜனவரி 5-ஆம் தேதித் தவணைக்கான காலம் 2026 ஜனவரி 5-இல் முடிந்தது. பிப்ரவரித் தவணைக்கு இந்த மாதம் 5-ஆம் தேதி முடிந்தது. மார்ச் தவணைக்கு வருகிற மார்ச் 5, வியாழக்கிழமையோடு முடியப்போகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் வரை மாதம் ஒன்றாகச் சாகும். மேல்முறையீட்டில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப்போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சலுகை பணம் கேட்டுத் தொடுக்கும் மூல வழக்குக்குக் கிடையாது. எதிராளி காலவரம்பைப் பற்றி வாயே திறக்காவிட்டாலும், நீதிமன்றம் தானாகவே பார்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. எந்தத் தவணைக்கு என்று சொல்லாமல் அவர் கொடுத்த 1,500-ஐயும் 2,000-ஐயும் மிகப் பழைய பாக்கிக்கு வரவு வைக்க, ஒப்பந்தச் சட்டத்தின் 60, 61-ஆவது பிரிவுகள் இடம் தருகின்றன. அப்படி வைத்தால் ஜனவரித் தவணை 3,000 முழுவதும் தீர்ந்துவிடுகிறது, மிச்சம் 500 பிப்ரவரிக்குப் போகிறது. ஆகவே காலம் கடந்தது பிப்ரவரியின் 2,500 மட்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான ஆறு தவணை, 18,000 ரூபாய், இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. உங்கள் ஏட்டில் அந்த இரண்டு தொகையும் "பொது வரவு" என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. அதை அழித்துத் திருத்தாதீர்கள். இன்றைய தேதியிட்டுத் தனி வரியில், எந்தத் தவணைக்கு வரவு வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

நான் கவலைப்படுவது அட்டையைப் பற்றித்தான், ஏனென்றால் தவணைக் கடைக்காரர்கள் பலரும் விழும் பள்ளம் அது. 2023 நவம்பரில் பணம் வாங்கியிருப்பதால் மூன்று ஆண்டு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும், 2026 நவம்பர் வரை நேரம் இருக்கிறது என்று நினைத்துத்தான் நீங்கள் இத்தனை நாள் காத்திருந்தீர்கள். பகுதிப் பணம் கட்டினால் காலம் புதிதாகத் தொடங்கும் என்பது உண்மைதான், ஆனால் காலவரம்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: பணம் கட்டியதற்கான குறிப்பு, கட்டியவரின் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லது அவர் கையெழுத்திட்ட எழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் அட்டையில் "வாங்குபவர் கையொப்பம்" என்று ஒரு கட்டம் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு வரியிலும் அது காலி. வரவை எழுதியதும் கையெழுத்திட்டதும் உங்கள் வசூல் ஆள். அவருடைய கையெழுத்து, பணம் வந்ததற்கு உங்களுக்கு எதிரான சான்றாகுமே தவிர, வாங்கியவருக்கு எதிராகக் காலத்தை நீட்டாது. கூகுள் பேயில் அனுப்பும்போது அவரே "பிரிட்ஜ் தவணை" என்று குறிப்பு தட்டியிருந்தால் வாதாட ஏதோ இருக்கிறது. அந்த வாதத்தை மட்டும் நம்பி மார்ச் 5-ஐத் தாண்டாதீர்கள்.

நினைவூட்டல்களும் அப்படியே. கடன் கொடுத்தவர் எத்தனை முறை கேட்டாலும், வழக்கறிஞர் நோட்டீசே அனுப்பினாலும், காலம் ஒரு நாள்கூட நீளாது. கடனாளி ஒப்புக்கொண்டால் நீளும். அதுவும் 18-ஆவது பிரிவின்படி, காலம் முடிவதற்கு முன்பு, எழுத்தில், கையெழுத்தோடு. குரல் பதிவு கடன் இருந்தது என்பதைக் காட்ட உதவும், ஆனால் அது எழுத்தல்ல. உங்கள் கணினி ஏடும் தனியாக நின்று அவர்மீது கடனைச் சுமத்த முடியாது. இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 28-ஆவது பிரிவு, கணக்கேட்டுக்குப் பக்கபலமாக வேறு சான்றும் வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப் செய்திகளை அந்தப் பக்கபலத்துக்காகப் பத்திரப்படுத்துங்கள். தாக்கல் செய்யும்போது, மின்னணுப் பதிவுகளுக்காக அதே சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் தேவைப்படும், ஆகவே அந்தக் கைபேசியை மாற்ற வேண்டாம்.

அட்டையின் பின்புறம் நீங்கள் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: "தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும்." கடையைக் காக்கும் என்று எண்ணி அச்சடித்த இந்த வரிதான் உங்களுக்கு மிகப் பெரிய ஆபத்து. 2023 பிப்ரவரி 5-இல் இரண்டாவது தவணை தவறியபோதே முழுத் தொகையும் கேட்கத்தக்கதாகிவிட்டது, ஆகவே மூன்று ஆண்டு இந்த மாதம் 5-ஆம் தேதி முடிந்து முழுக் கடனுமே போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார். அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில், அந்த நிபந்தனையை நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள் என்பது. வழக்குப் போடாமல் சும்மா இருந்தது மட்டும் விட்டுக்கொடுத்ததாகாது. தாமதமாக வந்த பணத்தைத் தவணையாக வாங்கி வரவு வைத்ததும், அதன் பிறகும் "இம்மாதத் தவணை 3,000" என்று கேட்டு அனுப்பியதும் உங்களுக்கு நல்ல சான்று. ஆனால் 2023 பிப்ரவரியில் கோபத்தில் "முழுப் பணத்தையும் ஒரே வாரத்தில் கட்டு" என்று நீங்கள் அனுப்பிய ஒரு செய்தியும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. நீதிபதி எதை எடுத்துக்கொள்வார் என்று என்னால் உறுதி தர இயலாது.

இந்த நிலையில் என் ஆலோசனை, அவர் சொல்லும் 15,000-ஐ வாங்கிக்கொண்டு முடியுங்கள் என்பதே. உயிரோடிருக்கும் 18,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 3,000. வழக்கு நடத்தினால் நீதிமன்றக் கட்டணம், வாய்தா நாட்களில் கடையைப் பூட்டுவது, தீர்ப்புக்குப் பிறகு நிறைவேற்று மனு என்று அதைவிட அதிகம் போகும், முழுதும் இழக்கும் அபாயமும் கூடவே இருக்கிறது. 15,000-க்குச் சட்டப்படி நீங்கள் கட்டுப்பட்டவரல்ல. குறைத்துக்கொள்வதாகச் சொன்னது உடனே கட்டினால் என்ற பேச்சு, அவர் கட்டவில்லை. இருந்தாலும் வாங்குங்கள்.

எப்படி எழுதி வாங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மார்ச் 3-க்குள் 15,000-ஐ ஒரே தொகையாகத் தந்தால் பணம் கணக்கில் ஏறிய பிறகு "பாக்கி இல்லை" என்று ரசீது கொடுத்துவிடலாம். அவகாசம் கேட்டால், பேச்சு வார்த்தையில் நாளைக் கடத்தாமல், அன்றே ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். "கடன் 15,000-ஆகக் குறைக்கப்பட்டது" என்று அதில் எழுதிவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி கடன் கொடுத்தவர் தம் விருப்பப்படி தொகையை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு ஈடாக எதையும் பெற வேண்டும் என்றுகூட இல்லை. அப்படி எழுதிக்கொடுத்த பிறகு அவர் 2,000 மட்டும் தந்து நின்றுவிட்டால், மீதி 13,000-க்குமேல் நீங்கள் கேட்க முடியாமல் போகலாம். முன்கூட்டியே கணக்கு முடிப்பவர்களுக்குத் தள்ளுபடி தரும் கடைக்காரர்கள் இந்த ஒரு வாக்கியத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள்.

கடிதத்தில் முதலில் பாக்கி 20,500 என்பதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். காலம் கடந்த 2,500-க்கு வெறும் ஒப்புதல் போதாது, "செலுத்துவேன்" என்ற வாக்குறுதியே வேண்டும்; எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால் காலாவதியான கடனுக்கும் அது செல்லும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு. ஆகவே முழுத் தொகைக்கும் அந்தச் சொல்லையே போடுங்கள். அதற்குக் கீழே, மார்ச் 31-க்குள் 15,000 முழுதும் வந்துசேர்ந்தால் மட்டும் மீதியைக் கடை தள்ளுபடி செய்யும், வராவிட்டால் 20,500-இல் கட்டியது போக மீதி முழுவதும் உடனே செலுத்தத்தக்கது என்று எழுதுங்கள். வரிசை மாறக்கூடாது: முதலில் முழுக் கடன், பிறகு நாள், கடைசியில் தள்ளுபடி.

அவர் கையெழுத்திட மறுத்தால் மார்ச் 4-ஆம் தேதிக்குள் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்துச் சமரசம் பேசுவது நல்லதுதான்; வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு அதை மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அங்கே முடிந்தால் கட்டிய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தாக்கல் செய்யும்போது இன்றுவரை சேர்ந்த எல்லாத் தவணையையும் ஒரே வழக்கில் கேளுங்கள். மார்ச் தவணைக்கு மட்டும் அவசரமாக ஒன்று போட்டுவிட்டால், விட்டுப்போன தவணைகளுக்குப் பிறகு தனியாக வழக்குப் போட உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தராது.

மற்ற வாடிக்கையாளர்களுக்காக உங்கள் கணினி ஏட்டில் ஒரு மாற்றம் செய்யுங்கள். இப்போது கெடு நாள் வந்ததும் வாங்கியவருக்கு நினைவூட்டல் போகிறது, உங்களுக்கு எதுவும் வருவதில்லை. கெடு நாள் B நிரலில் இருந்தால், அடுத்த இரண்டு நிரல்களில் இவற்றை இடுங்கள்:

```
=EDATE(B2,33)
=EDATE(B2,36)
```

இரண்டாவது, அந்தத் தவணைக்கு வழக்குப் போடக் கடைசி நாள். முதலாவது அதற்கு மூன்று மாதம் முன்பு வரும் நாள்; அன்றைக்கு அட்டையை எடுத்துக்கொண்டு நீங்களே நேரில் போய், பாக்கித் தொகைக்குக் கீழே அவருடைய கையெழுத்தையும் தேதியையும் வாங்குங்கள். கையெழுத்துக் கிடைத்த தவணைகளுக்கு B நிரலில் பழைய கெடு நாளை அழிக்காமல், புதிய தேதியைத் தனி வரியில் சேர்த்து அங்கிருந்து எண்ணுங்கள். வசூலுக்குப் போகும் ஆளிடம், பணம் கொடுப்பவர் கட்டத்தில் கையெழுத்திடாமல் ரசீது கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.