மறதிக்கும் அரைவாழ்வு உண்டு

கேள்வி: டொக்டர், மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். ஞாயிறு மூன்று மணித்தியாலம் இருந்து படித்த பாடம், செவ்வாய்க்கிழமை கேட்டால் பாதி போய்விடுகிறது. ஞாபகசக்திக்கு ஏதும் குளிசை இருக்கிறதா? – ஒரு தாய், ஒட்டுசுட்டான்

பதில்: குளிசை இல்லை அம்மா. வல்லாரைச் சம்பல் தாராளமாகச் சாப்பிடட்டும், ருசிக்காக. இரண்டு நாளில் பாதி போவது நோயும் இல்லை.

குளிசையிலிருந்தே விளக்குகிறேன். பனடோல் போட்டால் இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். அதை அரைவாழ்வு என்போம். படித்ததும் ஏறக்குறைய அப்படித்தான் கரைகிறது. மிச்சம் R, கழிந்த நாள் t, அரைவாழ்வு h என்றால்:

R = 2^(-t/h)

உங்கள் மகளின் h இரண்டு நாள். ஒரு நாளில் எவ்வளவு மிஞ்சும்? நூற்றுக்கு எழுபது, அதாவது 20 கேள்விக்கு 14. மீட்டல் செய்ய நல்ல நேரம் அதுதான். மறந்ததைத் திருப்பிப் பிடிக்க அதிக பாடுபடத் தேவையில்லை.

மருந்துக்கும் ஞாபகத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். அளவோடு போடும் வரை, எத்தனை தடவை போட்டாலும் பனடோலின் அரைவாழ்வு பெரிதாக மாறாது. ஆனால் ஒவ்வொரு முறை மூளையிலிருந்து தேடி எடுக்கும்போதும் ஞாபகத்தின் அரைவாழ்வு நீளும். அதனால் இடைவெளியையும் நீட்டலாம்.

சிறுநீரகப் பாடத்தை ஞாயிறு படித்தால், திங்கள் கொப்பியை மூடி வைத்து 20 கேள்விக்குப் பதில் எழுதட்டும். பிழைத்தவற்றை மட்டும் திரும்பப் பார்க்கட்டும். வியாழன், அதாவது மூன்று நாள் கழித்து, மறுபடி எழுதும்போது 14 சரி என்றால் அரைவாழ்வு ஏறக்குறைய ஆறு நாளாகிவிட்டது என்று கணக்கு. அடுத்தது ஆறு நாளில், பிறகு 12, பிறகு 24. ஒன்றரை மாதத்தில் ஐந்தே தடவை. எப்போதாவது பத்துக்குக் கீழே விழுந்தால் இடைவெளியைப் பாதியாக்குங்கள். 18, 19 வந்தால் அவசரப்பட்டு மீட்டியிருக்கிறாள்.

கொப்பியைத் திறந்து வைத்து வாசிப்பது இந்தக் கணக்கில் சேராது. கண்ணுக்குப் பழகிய வரி தெரிந்த வரி மாதிரி ஏமாற்றும். நானும் மருத்துவபீடத்தில் அப்படி ஏமாந்தவன்தான்.

இந்தச் சூத்திரத்தை நீண்ட காலத்துக்கு நம்பவேண்டாம். எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனனம் செய்து தன்னையே சோதித்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறுபடி மனனம் செய்யும்போது அவர் மிச்சப்படுத்திய உழைப்பு ஒரு மணித்தியாலம் கழித்து 44 வீதம், ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. உண்மையான அரைவாழ்வுக் கணக்கென்றால் மறுநாளே ஒன்றும் மிஞ்சியிராது. முதலில் சரிந்து, பிறகு மெதுவாகத் தேய்கிறது. ஆகவே சூத்திரம் அடுத்த திகதியைக் குறிக்க மட்டும். மிச்சத்தை அவளுடைய புள்ளி சொல்லும்.

ஒரு விடயம். படித்தது மட்டுமல்லாமல் அன்றாட விடயங்களும் மறந்தால், அடிக்கடி களைத்தால், அல்லது பேசிக்கொண்டிருக்கையில் சில செக்கன் வெறித்துப் பார்த்து நின்றால் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரத்தசோகை, தைரொயிட், வலிப்பு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். விடிய நாலு மணிக்கு ரியூசனுக்கு எழும்புகிற பிள்ளை என்றால், முதலில் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.