மகளை வீட்டுவேலைக்காரி ஆக்கிய ஒரு வரி

பேர்ணாம்பட்டிலிருந்து ஓர் அப்பா மகளோடு வந்திருந்தார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருபது வருடம். மகள் பத்தாவது முடித்து மூன்று வருடம் லெதர் டெக்னாலஜி டிப்ளமோ படித்தவள். இப்போது சாம்பிள் ரூமில் அசிஸ்டென்ட் பேட்டர்ன் மாஸ்டர். ஸ்பெயினில் எல்சே, எல்டா பக்கம் ஷூ கம்பெனிகள் நிறைய. அங்கே ஸ்பானிஷில் பயோடேட்டா அனுப்பியும் ஒரு பதிலும் இல்லை. “மாட்ரிட்டில் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ் படிக்க வையுங்கள், வீட்டுப் பட்டாவை வைத்துக் கடன் வாங்குங்கள்” என்கிறாராம் பெரியப்பா. ஏஜென்ட் கேட்பது 18 லட்சம்.

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தேன். பயோடேட்டாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். வேலை என்ற இடத்தில் இப்படி இருந்தது: ‘அசிஸ்டென்டா தே மாஎஸ்த்ரோ தே பத்ரோனெஸ்’. ஏஜென்ட் ஆபீஸில் யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார்கள். ஸ்பெயினில் அசிஸ்டென்டா என்றால் வீட்டுவேலைக்கு வரும் பெண். மாஎஸ்த்ரோ என்றதும் அவர்களுக்குப் பள்ளி வாத்தியார்தான் முதலில் நினைவுக்கு வருவார். பத்ரோனெஸ் என்றால் பேட்டர்ன்கள், முதலாளிகள் என்று இரண்டு பொருளும் உண்டு. இதைப் படித்த எல்டாக்காரர் என்ன நினைத்திருப்பார்!

படிப்பு வரி இன்னும் ஆபத்து. ‘டிப்ளமாதா’ என்று போட்டிருந்தார்கள். ஸ்பெயினில் அது பழைய மூன்று வருடப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரைக் குறிக்கும் சொல். நம் பிள்ளை படித்தது பாலிடெக்னிக். சான்றிதழைக் கேட்கும் நாளில் பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். ‘தெக்னிகோ சுப்பீரியோர்’ என்று போடலாமா என்று அவளே கேட்டாள். வேண்டாம் என்றேன். அங்கே பள்ளியில் பன்னிரண்டு வருடம், அதன்மேல் பொதுவாக இரண்டு வருடம் படித்துத்தான் அந்தத் தகுதிக்கு வருவார்கள். இவள் படித்தது பத்தும் மூன்றுமாகப் பதின்மூன்று. மேலும் அது அரசு கொடுக்கும் பட்டத்தின் பெயர், நாமாகச் சூட்டிக்கொள்ள முடியாது. காலேஜை ‘கொலேஹியோ’ என்று எழுதியிருந்ததையும் அடித்தேன், அது பள்ளிக்கூடம். (பி.எஸ்ஸி. படித்தவர்கள் ‘பச்சில்யெரேட்டோ’ என்று எழுதி பிளஸ் டூ ஆகிவிடுவதும் நடக்கிறது.)

சரியான வழி எளிது. படிப்பின் பெயரை நம் சான்றிதழில் உள்ளபடியே விட்டு, எத்தனை வருடம், எதற்குப் பிறகு என்பதை ஸ்பானிஷில் விளக்க வேண்டும். பதவிக்கு மட்டும் அந்த ஊர்த் தொழிலில் புழங்கும் சொல்லைப் போட வேண்டும். நாங்கள் உட்கார்ந்து எழுதியது இது:

```
Ayudante de patronista de calzado
(cargo original: Assistant Pattern Master)

Diploma in Leather Technology (India)
Formación técnica de tres años tras diez
años de escolaridad. Título no homologado
en España.
```

பத்ரோனிஸ்தா என்பவர் ஷூவுக்குப் பேட்டர்ன் எடுப்பவர். அயுதாந்தே என்றால் அவருக்குத் துணை நிற்பவர். கடைசி வரி, இந்தச் சான்றிதழுக்கு ஸ்பெயின் அரசு இன்னும் அங்கீகாரம் தரவில்லை என்று நேராகச் சொல்கிறது. பயப்பட வேண்டாம். நர்ஸ், டாக்டர் வேலைக்கு அந்த அங்கீகாரம் கட்டாயம். பேட்டர்ன் மேசைக்கு இல்லை, கம்பெனிக்காரர் கைவேலையைப் பார்த்து முடிவு செய்வார். ஆனால் வேலை அனுமதிக்கு அங்கே விண்ணப்பிக்க வேண்டியது அந்தக் கம்பெனிதான். இங்கே பணம் வாங்கும் எந்த ஏஜென்டும் அதைக் கொடுக்க முடியாது.

இந்த மேசை வேலையை வீட்டில் யாரும் படிப்பாகவே மதிக்கவில்லை. லாஸ்ட் என்கிற கால் வடிவ அச்சின் மேல் டேப் ஒட்டி, டிசைனை வரைந்து, உரித்துத் தட்டையாக்கி, அதிலிருந்து துண்டு துண்டாகப் பேட்டர்ன் எடுக்கிறாள். லாஸ்ட்டுக்கு அங்கே ஓர்மா என்று பெயர். அப்புறம் அதை எல்லா சைஸுக்கும் கிரேடிங் செய்கிறாள், அவர்கள் எஸ்கலாதோ என்பார்கள். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கு நீளம் சுமார் 6.67 மில்லிமீட்டர் கூடும். இங்கிலாந்து அளவில் 8.46. இரண்டிலும் கிரேடிங் செய்யத் தெரியும் என்பதை அவள் பயோடேட்டாவில் எழுதவே இல்லை! பதவிக்குக் கீழே, எந்த மென்பொருள், எந்த வகை ஷூ என்பதோடு அதையும் சேர்க்கச் சொன்னேன். ஸ்பானிஷ் மொழி அறிவைத் தேர்வு எழுதிய நிலை அளவுக்குத்தான் போட வேண்டும். டெலே தேர்வில் ஏ2 என்றால் ஏ2.

பெரியப்பாவுக்கு நான் சொல்லி அனுப்பியது சுருக்கம். ஸ்பெயினில் அரசு ஏற்கும் ‘மாஸ்தெர் உனிவெர்ஸிதாரியோ’வில் சேரப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். டிப்ளமோவை வைத்துச் சேர்க்கிறோம் என்றால் ஏஜென்ட் விற்பது அது இல்லை. RUCT என்ற அரசுப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடச் சொன்னேன். பதிவேட்டில் இருந்தாலும் பட்டாவை வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், ஏனென்றால் அது மேனேஜ்மென்ட் படிப்பு. பெண்ணுக்குப் பேட்டர்ன்தான் பிடித்திருக்கிறது. அவளிடம் கேட்டதற்கு, “கத்தியை வச்சிட்டு எக்செல் போடச் சொல்றாங்க சார்” என்றாள்.

அப்பா அந்தப் பழைய தாளை என்னிடமே விட்டுவிட்டு ஆம்பூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அன்று அவருக்கு ராத்திரி ஷிஃப்ட்.