பாதியில் நின்றவருக்குக் கூலி எவ்வளவு?

"அண்ணன் தனியாக 12 நாளில் முடிக்கும் வேலை, தம்பிக்கு 18 நாள். சேர்ந்து ஆரம்பித்து, 4 நாளில் அண்ணன் நின்றுவிட்டார். மொத்தம் எத்தனை நாள், 9,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?"

திறன் என்பது ஒரு நாளில் ஓர் ஆள் முடிக்கும் வேலை, அவ்வளவுதான். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக் களத்தில் தேங்காய் உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் நட்ட இரும்புக் கூரில் குத்தித் திருகினால் மட்டை கழன்றுவிடும், ஆனால் கை பழகியவர் மூன்று காய் உரிக்கும் நேரத்தில் புதியவர் இரண்டுதான் உரிப்பார். நாட்களை நேராகக் கூட்டவோ சராசரி எடுக்கவோ முடியாது, ஒரு நாள் வேலையைத்தான் கூட்ட முடியும்.

அதனால் வேலையை 36 குவியல் என்று வைத்துக்கொள்வோம். ஏன் 36? 12, 18 இரண்டாலும் மீதியில்லாமல் வகுபடும், பின்னத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம் (72 வைத்தாலும் விடை மாறாது). அண்ணன் நாளுக்கு 3 குவியல், தம்பி 2. நாலு நாளில் இருவரும் சேர்ந்து 20 முடித்திருப்பார்கள். மீதி 16, அதைத் தம்பி மட்டும் உரிக்க 8 நாள். ஆக மொத்தம் 12 நாள்.

சரி, கூலி? அண்ணன் உரித்தது 4 × 3 = 12 குவியல், தம்பி 12 × 2 = 24. விகிதம் 1:2, எனவே அண்ணனுக்கு 3,000, தம்பிக்கு 6,000.

பலர் திறன் விகிதமான 3:2-இலேயே பிரித்து அண்ணனுக்கு 5,400 கொடுத்துவிடுகிறார்கள். அது இருவரும் கடைசி வரை ஒன்றாக வேலை செய்தால் மட்டுமே சரி.