கோட்டேஷனில் 273 எங்கே? வாசகர் கேள்வி பதில்

மகளுக்கு பிளஸ் ஒன் இயற்பியல் கைடு வாங்கிக் கொடுத்தேன். 400 டிகிரி செல்சியஸுக்கும் 100 டிகிரிக்கும் இடையே ஓடும் கார்னோ இயந்திரத்தின் பயனுறுதிறன் 75% என்று அதில் இருந்தது. அப்படியே எழுதினாள், ஆசிரியர் அடித்துவிட்டார். யார் சரி? (ஒரு தாய், திண்டுக்கல்)

ஆசிரியர்தான் சரி. மகளைத் திட்டாதீர்கள், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை நம்பியது அவள் தப்பில்லை. கைடு போட்ட கணக்கு 1 − 100/400. போட வேண்டியது 1 − 373/673, அதாவது 44.6%. இரண்டு வெப்பநிலையோடும் 273-ஐக் கூட்டி கெல்வினுக்கு மாற்றிய பிறகுதான் வகுக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய எரிச்சல் உண்டு, கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். "வித்தியாசம் ரெண்டுலயும் 300 தானே, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்காத பிள்ளை கிடையாது, நல்ல கேள்விதான், ஆனால் அதற்கு பதில் சொல்கிற கைடை நான் பார்த்ததில்லை. வித்தியாசம் எடுக்கும்போது மாற்றத் தேவையில்லை என்பது உண்மை. அந்த வித்தியாசத்தை 400-ஆல் வகுக்கும்போதுதான் கெடுகிறது. செல்சியஸில் பூஜ்யம் என்பது தண்ணீர் உறையும் இடம், அவ்வளவுதான். அங்கே வெப்பம் தீர்ந்துபோவதில்லை. சந்தேகம் இருந்தால் அதே இயந்திரத்தை ஃபாரன்ஹீட்டில் போட்டுப் பாருங்கள்: 752, 212. விடை 71.8% வரும். தெர்மாமீட்டரை மாற்றினால் இயந்திரத்தின் திறன் மாறுமா? இன்னும் சுலபமான சோதனை, வெப்ப ஏற்பியாக, அதாவது குளிர்ந்த பக்கமாக, ஐஸ் தண்ணீரை வையுங்கள். பூஜ்யம் டிகிரி, கைடு கணக்கில் பயனுறுதிறன் 100%. மைனஸ் 10 வைத்தால் நூற்றைத் தாண்டிவிடும்! கைடு போட்டவர் ஒரே ஒரு முறை இதைச் செய்து பார்த்திருந்தால் போதும்.

பில் இருந்தால் கடையில் மாற்றித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எரிபொருளே வேண்டாம், ஒரு முறை பேட்டரியால் கிளப்பிவிட்டால் மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும், ஜெனரேட்டர் அதே பேட்டரியை நிரப்பும், மிச்சக் கரண்டு வீட்டுக்கு என்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

கொடுக்காதீர்கள். முன்பணத்தையும் எழுத்தில் திரும்பக் கேளுங்கள். கேள்வியை முன்பணத்துக்கு முன்னால் அனுப்பியிருக்கலாம்.

சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். வெளியே போகும் 90 டிகிரி வெந்நீரில் கரண்டு எடுக்கும் இயந்திரம் தருகிறோம், 100 கிலோவாட் வெப்பத்துக்கு 40 கிலோவாட் நிச்சயம் என்கிறார்கள். கோட்டேஷனிலேயே "கோட்பாட்டு உச்சம் 66.7%, நாங்கள் உறுதி தருவது 40% மட்டுமே" என்று அடக்கமாகத்தான் போட்டிருக்கிறார்கள். (ஈரோடு)

அந்த அடக்கம்தான் ஆபத்து. 66.7 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் குளிர்ந்த தண்ணீர் 30 டிகிரியாக இருக்க வேண்டும், சரியா? 1 − 30/90, கணக்கு முடிந்தது. திண்டுக்கல் கைடு செய்த அதே தப்பு, இங்கே விலைதான் பல லட்சம்.

கெல்வினில் போட்டால் 1 − 303/363, 16.5%. உராய்வே இல்லாத, கசிவே இல்லாத, அவசரமே படாத இயந்திரத்துக்கான உச்சம் இது. 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ வகுத்த வரம்பை இதுவரை ஒருவரும் தாண்டவில்லை. 100 கிலோவாட் வெப்பத்துக்கு 16.5 கிலோவாட்டுக்கு மேல் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் அது நடக்காத காரியம். "புதுத் தொழில்நுட்பம்" என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்த 16.5-ம் தாராளக் கணக்குதான். வெப்பத்தை எடுக்க எடுக்க உங்கள் வெந்நீர் ஆறும். மணிக்கு சுமார் 2,900 லிட்டர் போகிறது, 90-இல் உள்ளே போய் 60-இல் வெளியே வருகிறது என்று வைத்தால்தான் அந்த 100 கிலோவாட்டே கிடைக்கும். அப்போது இயந்திரம் பார்க்கும் சராசரி 75 டிகிரி. 1 − 303/348, உச்சம் 13%. நல்ல இயந்திரம் இதில் பாதி கொடுத்தால் பெரிய விஷயம், அதாவது ஆறு, ஏழு கிலோவாட். பம்புக்கும் கூலிங் டவர் மின்விசிறிக்கும் போகிற கரண்டை அதிலிருந்தும் கழிக்க வேண்டும்.

அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: வெந்நீர் உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை, மணிக்கு எத்தனை லிட்டர், பம்பு செலவு போக மீட்டரில் எவ்வளவு. பதில் வராமல் இழுத்தால் அதுவே பதில். இன்னொன்று, தொழிலுக்காக வாங்கும் இயந்திரத்துக்கு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது, சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவருக்கு மட்டும்தான் விலக்கு. அதனால் ஓட்டிக் காட்டி, மீட்டர் பார்த்த பிறகே பெரும்பகுதிப் பணம் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள்.

என்னைக் கேட்டால் அந்த இயந்திரமே வேண்டாம். ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டு, அந்த வெந்நீரால் பாய்லருக்குப் போகும் பச்சைத் தண்ணீரைச் சூடாக்குங்கள். வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தினால் கார்னோ வரம்பு குறுக்கே வராது, 100 கிலோவாட்டில் பெரும்பகுதி விறகுச் செலவில் மிச்சமாகும். கழிவுநீர் என்பதால் அடிக்கடி திறந்து கழுவக்கூடிய மாடலாகக் கேளுங்கள்.

கல்யாண மண்டபத்துக்கு டீசல் ஜெனரேட்டர் பார்க்கிறேன். லிட்டருக்கு 8 யூனிட் என்கிறார். உங்கள் கார்னோ கணக்கில் இது தேறுமா? (மதுரை)

தேறிவிடும், அதுதான் சிக்கல். இன்ஜினுக்குள் தீ 2,000 டிகிரி அளவில் எரிகிறது, அதற்கு கார்னோ உச்சம் 80 சதவீதத்தைத் தாண்டும். அந்த வரம்புக்குள் வருவதாலேயே ஒரு பேச்சு உண்மையாகிவிடாது. ஒரு லிட்டர் டீசலில் மொத்தமே சுமார் 10 யூனிட் வெப்பம். பெரிய கப்பல் இன்ஜின்கள் அதில் பாதியைத்தான் வேலையாக்குகின்றன, மண்டபத்து ஜெனரேட்டர் லிட்டருக்கு மூன்று யூனிட் பக்கம் கொடுக்கும். கூடவே "டீசல் சேமிப்பான்" என்று ஏதாவது மாட்டித் தருகிறாரா? பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்று நானும் வாங்கினேன். மைலேஜ் அசையவில்லை, காந்தம் பிரிட்ஜ் கதவில் கரண்டு பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வெளியே 35, அறைக்குள் 27 டிகிரி. 27-ஐ 8-ஆல் வகுத்தால் 3.4, ஒரு யூனிட் கரண்டுக்கு அதற்கு மேல் வெப்பத்தை ஏசி வெளியேற்றாது, லேபிளில் 5 என்று இருப்பது மோசடி என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் மகன். (திருச்சி)

அவனும் 273-ஐ மறந்துவிட்டான், ஆனால் இங்கே தப்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது, நல்ல பொருளை மோசடிப் பொருளாகக் காட்டுகிறது. 300-ஐ 8-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், 37.5 வரும். அவ்வளவு எந்த ஏசியும் கொடுக்காது. உள்ளே இருக்கும் காயில் 10 டிகிரிக்குக் குளிர்ந்தாக வேண்டும், வெளியே இருப்பது 50 வரை சூடாகும். அந்தக் காயில்களுக்குப் போட்டால் 283/40, ஏழு. லேபிளில் இருக்கும் 5 வருடம் முழுவதுக்குமான சராசரி, வெளிக் காயில் 50 தொடாத நாட்களும் அதில் சேர்த்தி. ஏசி கரண்டை வெப்பமாக மாற்றவில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது, அதனால் ஒன்றுக்கு ஐந்து என்பதில் அதிசயம் இல்லை. தாராளமாக வாங்குங்கள், அறை அளவுக்கு ஏற்ற டன் தானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.